ஐ.பி. முகவரியை நம்பிய சர்வர்கள்

1990களின் தொடக்கத்தில் சென்னை அம்பத்தூரில் ஒரு பொறியியல் வடிவமைப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு சன் சர்வரும், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சன் பணிநிலையங்களும் இருந்தன. வரைபடங்கள் எல்லாம் சர்வரின் வட்டில் இருக்கும். பணிநிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அவை தன் வட்டிலேயே இருப்பதுபோலத் தெரியும். இதைச் செய்துகொடுத்தது, சன் நிறுவனம் 1980களின் நடுவில் உருவாக்கிய என்.எஃப்.எஸ். யாருக்கு எந்த அடைவைத் திறந்துவிடுவது என்பதை சர்வரில் உள்ள `/etc/exports` என்ற சிறிய கோப்பு முடிவுசெய்தது. அடைவின் பெயர், பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட மிஷின்களின் பெயர்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

அந்த ஏற்பாடு அந்தச் சூழலுக்குப் பொருத்தமாகவே இருந்தது என்று இப்போதும் சொல்வேன். பணிநிலையம் என்பது கனமான திரையோடு மேசையில் நிலையாக இருக்கும் பொருள். வெளியிலிருந்து எவரும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கேபிளில் செருக முடியாது. ஒவ்வொரு மிஷினின் ரூட் கடவுச்சொல்லும் எங்கள் பிரிவில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். ஆக ஒரு முகவரியிலிருந்து கேள்வி வந்தால் அது இந்த மிஷின்தான், இந்த மிஷின் சொல்வது நாங்கள் அமைத்துக்கொடுத்ததைத்தான் என்று சர்வர் நம்புவதில் தவறில்லை. முகவரிக்கும் மிஷினுக்கும் மனிதருக்கும் இடையிலிருந்த உறவு அறையின் சுவர்களாலும் கடவுச்சொல்லைக் காத்தவர்களாலும் உறுதியாக நின்றது. நெட்வொர்க்கில் அதற்கு எந்தச் சான்றும் இல்லை.

என்.எஃப்.எஸ். எப்படிக் கேட்கிறது என்று பார்த்தால் இது புரியும். பழைய முறையில், இன்றும் பெரும்பாலான இடங்களில் இயங்கும் `sec=sys` என்ற முறையில், ஒவ்வொரு கேள்வியோடும் கிளையன்ட் மிஷின் ஒரு பயனர் எண்ணையும் சில குழு எண்களையும் அனுப்புகிறது. “நான் 1012 என்ற பயனருக்காகக் கேட்கிறேன், இந்தக் கோப்பைக் கொடு” என்கிறது. சர்வர் இரண்டு விஷயங்களைப் பார்க்கும். கேள்வி வந்த முகவரி பட்டியலில் இருக்கிறதா? 1012க்கு அந்தக் கோப்பில் உரிமை இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கோப்பு போய்விடும். கடவுச்சொல்லை சர்வர் எங்கேயும் கேட்பதில்லை. கேட்பவர் உண்மையில் 1012தானா என்று சரிபார்த்தது கிளையன்ட் மிஷின். அது சரியாகத்தான் பார்த்திருக்கும் என்பது சர்வரின் நம்பிக்கை.

முகவரியை மட்டும் நம்புவது பலவீனம் என்ற எச்சரிக்கை நான் வேலைக்கு வருமுன்பே எழுத்தில் இருந்தது. ஸ்டீவன் பெலோவின் 1989இல் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைகளின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எழுதிய கட்டுரை அதை விளக்கமாகச் சொன்னது. பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் அனுப்புநர் முகவரி அனுப்பியவரே எழுதிக்கொள்வது என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் எங்களைப் போன்றவர்களை உலுக்கியது வேறொரு செய்தி. 1994இல் செர்ட் அமைப்பின் எச்சரிக்கை ஒன்று வந்தது. சன்ஓஎஸ் சர்வரில் அனுமதிப் பட்டியலின் நீளம் 256 எழுத்துகளைத் தாண்டினால், பட்டியலில் இல்லாதவர்களும் அந்த அடைவை மவுன்ட் செய்துவிட முடியும் என்றது அது. கவனமாக ஒவ்வொரு மிஷினின் பெயரையும் எழுதிவைத்த நிர்வாகிதான் அதில் அதிகம் மாட்டுவார், ஏனென்றால் அவருடைய பட்டியல்தான் நீளமாக இருக்கும். எழுதியதற்கும் சர்வர் உண்மையில் செய்வதற்கும் இடைவெளி இருக்கலாம் என்பது அன்றிலிருந்து என் மனத்தில் நின்றது. `/etc/exports` கோப்பைப் படித்துவிட்டுப் பாதுகாப்பு சரி என்று யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை. சர்வரையே கேட்க வேண்டும்.

லினக்ஸ் வந்த பிறகு இந்த இடைவெளி வேறு வடிவத்தில் தலைகாட்டியது. பல அலுவலகங்களில் நான் கண்ட வரி இந்த மாதிரி இருக்கும்:

```
/srv/tender 192.168.10.21 (rw,sync)
```

முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி. பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது, ஆனால் பொருள் தலைகீழ். லினக்ஸ் இதை இரண்டு தனித்தனி அனுமதிகளாகப் படிக்கும். 192.168.10.21க்கு இயல்பான விருப்பங்கள், அதாவது படிக்க மட்டும். பெயரில்லாமல் நிற்கும் அடைப்புக்குறிக்கு, அதாவது உலகத்தில் எல்லோருக்கும், எழுதும் உரிமை. உரியவர் “என்னால் சேமிக்க முடியவில்லை” என்று புகார் சொல்வார், மற்ற எல்லோராலும் சேமிக்க முடியும். `exportfs -ra` என்று கையால் இயக்கினால், பெயர் கொடுக்கப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கை திரையில் வரும். சர்வர் மறுதொடக்கத்தின்போது தானாக இயங்கினால் அந்த எச்சரிக்கை பதிவேட்டுக்குள் போய்விடும், அதைப் பார்ப்பவர் அரிது. `exportfs -v` என்று கேட்டால் மட்டும் சர்வர் தான் புரிந்துகொண்டதை ஒளிக்காமல் சொல்லும். அதில் `<world>` என்ற சொல் தெரிந்தால் கதவு திறந்துகிடக்கிறது என்று பொருள்.

இவையெல்லாம் எழுதும்போது வரும் பிழைகள், திருத்திவிடலாம். பிழையே இல்லாத வரியிலும் எவ்வளவு பலவீனம் இருக்கிறது என்பதைக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் விரிவாகக் காட்ட வேண்டியிருந்தது. அங்கே வடிவமைப்பாளர்கள் லினக்ஸ் மிஷின்களில் வேலை செய்தார்கள். ஒப்பந்தப்புள்ளிகளுக்கான விலைக் கணக்குகள் மட்டும் ஒரு தனி அடைவில். அதைத் திறப்பதற்கு மதிப்பீட்டுப் பிரிவுத் தலைவியின் மிஷினுக்கு மட்டும் அனுமதி. வரி சரியாக இருந்தது, இடைவெளி இல்லை, `root_squash` இருந்தது. போட்டி நிறுவனத்துக்கு விலை கசிகிறதோ என்ற சந்தேகம் நிர்வாகத்துக்கு வந்திருந்தது. எங்கள் சர்வர் வழியாக அது சாத்தியமா என்று மட்டும் சொல்லுங்கள் என்று என்னை அழைத்தார்கள்.

அந்த அம்மையார் முதலிலேயே கேட்டார். “சார், என் மிஷினைத் தவிர வேற எதுலயும் திறக்காதுன்னு எழுதியே கொடுத்திருக்காங்களே, அப்புறம் எப்படி?”

“அந்த நம்பரைத் தவிர வேற எந்த நம்பருக்கும் திறக்காது மேடம். நம்பர் உங்க மிஷின்கிட்டயே இருக்கணும்னு கட்டாயம் இல்லை” என்றேன். நிர்வாக இயக்குநரின் எழுத்து ஒப்புதலோடு, அவர்கள் முன்னிலையிலேயே செய்துகாட்டினேன்.

பட்டியலில் இல்லாத ஒரு லேப்டாப்பை அதே தளத்தில் ஒரு சுவர்ப் புள்ளியில் செருகினோம். `showmount -e` என்று சர்வரைக் கேட்டதும், எந்த அடைவு எந்த முகவரிக்குத் திறந்திருக்கிறது என்ற பட்டியலை அது அப்படியே தந்தது. எந்த முகவரியாக வேடம் போட வேண்டும் என்று யூகிக்கவே தேவையில்லாமல் போயிற்று. மவுன்ட் செய்யப் பார்த்தபோது மறுத்தது, அது சரிதான். மாலையில் அந்த அம்மையார் தன் மிஷினை அணைத்துவிட்டு வந்தார். லேப்டாப்புக்கு அந்த மிஷினின் முகவரியான 192.168.10.21ஐக் கையால் கொடுத்தோம். இம்முறை மவுன்ட் ஆகிவிட்டது.

அடைவின் உள்ளே போனால் அனுமதி மறுக்கப்பட்டது. நிர்வாக இயக்குநர் நிம்மதியாக, “பார்த்தீங்களா, உள்ளே விடலை” என்றார். அது `root_squash` செய்யும் வேலை. கிளையன்ட்டில் ரூட்டாக இருப்பவரை சர்வர் ரூட்டாக மதிக்காது, `nobody` என்ற உரிமையில்லாத பயனராக மாற்றிவிடும். பலர் இதைப் பெரிய கவசமாக நினைக்கிறார்கள். ஆனால் அது ரூட் ஒருவரை மட்டுமே தடுக்கும். `ls -ldn` என்று பார்த்தபோது அந்த அடைவின் உரிமையாளர் 1012 என்று எண்ணாகவே தெரிந்தது. லேப்டாப்பில் 1012 என்ற எண்ணோடு ஒரு பயனரை உருவாக்கி, அந்தப் பயனராக மாறினேன். அடுத்த நொடி கோப்புகள் அனைத்தும் திறந்தன. கடவுச்சொல் எதையும் யாரிடமும் கேட்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. தன் மிஷினில் தான் ரூட்டாக இருப்பவர் எவரும் இதைச் செய்யலாம்.

கேள்வி 1024க்குக் கீழான போர்ட்டிலிருந்து வர வேண்டும் என்ற நிபந்தனையும் அந்த சர்வரில் இருந்தது. `secure` என்ற பெயரில் இயல்பாகவே இருக்கும் விருப்பம் அது. யுனிக்ஸ் மிஷினில் ரூட் மட்டுமே அந்தப் போர்ட்களைத் திறக்க முடியும் என்பது அதன் தர்க்கம். எல்லா மிஷின்களின் ரூட்டும் எங்கள் கையில் இருந்த காலத்தில் அது ஒரு சான்று. சொந்த லேப்டாப்பின் ரூட் அந்த லேப்டாப்பின் சொந்தக்காரரே.

அதன் பிறகு சர்வரின் பதிவேட்டைத் திறந்துகாட்டினேன். 192.168.10.21 மவுன்ட் கேட்டது, அனுமதிக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. முந்தைய நாள்களின் வரிகளுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இதற்கு முன் யாராவது இப்படி வந்தார்களா என்ற அவர்களுடைய கேள்விக்கு அந்தப் பதிவேட்டிலிருந்து பதில் எடுக்க வழியே இல்லை. ஒரே ஒரு தடயம் வேறிடத்தில் இருந்தது. சர்வரில் `ip neigh` என்று கேட்டால், அந்த ஐ.பி. முகவரிக்கு நேராக இப்போது எந்த நெட்வொர்க் அட்டையின் எண் இருக்கிறது என்று தெரியும். அது மாறியிருந்தது. ஆனால் அந்த அட்டவணை நினைவில் மட்டுமே இருப்பது, சிறிது நேரத்தில் புதுப்பிக்கப்பட்டுவிடும். இந்த மாற்றங்களைத் தொடர்ந்து குறித்துவைக்க `arpwatch` போன்ற ஒரு நிரல் முன்பே ஓடிக்கொண்டிருந்தால்தான் பின்னால் பார்க்க முடியும். அங்கே அது இல்லை. அதனால் கசிவு இந்த வழியாக நடந்ததா என்பதற்கு நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாத்தியம் என்று மட்டும் எழுதிக்கொடுத்தேன்.

அங்கிருந்த நெட்வொர்க் பொறியாளர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் அட்டை எண்ணைக் கட்டிவிட்டால் போதாதா? அது பயனுள்ள வேலை, செய்யத்தான் வேண்டும். ஆனால் அட்டை எண்ணும் லினக்ஸில் ஒரே கட்டளையில் மாற்றிக்கொள்ளக்கூடியது. அந்த அம்மையாரின் மேசைக்குப் போகும் கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகி, அவருடைய அட்டை எண்ணையும் எழுதிக்கொண்டால் சுவிட்ச் ஒத்துக்கொள்ளும், `arpwatch`உம் அமைதியாக இருக்கும். வேலை கடினமாகிறது, ஆள் அந்த மேசைவரை நடந்து வர வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு அது நன்மையே.

பிற்காலத்தில் இன்னொரு வகைச் சிக்கல் கூடியது. முகவரியைத் திருடாமலே நடப்பது என்பதால் இது எனக்கு அதிகக் கவலை தருகிறது. மென்பொருள் நிறுவனங்களில் ஒரு பில்ட் சர்வர் இருக்கும். அதற்குக் கோப்புச் சர்வரில் அனுமதி இருக்கும். அதே பில்ட் சர்வரில் நிரலாளர்கள் டாக்கர் கன்டெய்னர்களை ஓட்டுவார்கள். கன்டெய்னரிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகள் இயல்பான அமைப்பில் அந்த சர்வரின் முகவரியையே அணிந்துகொண்டு போகும். டாக்கரை ஓட்டும் உரிமை பெற்றவர் அந்த மிஷினில் ஏறத்தாழ ரூட்டுக்குச் சமம். அனுமதி ஒரு மிஷினுக்கு என்று எழுதியிருப்போம், உண்மையில் அதை அனுபவிப்பது அந்த மிஷினில் நுழையக்கூடிய ஒரு குழு முழுவதும். இப்படிப்பட்ட இடத்தில் யாராவது வசதிக்காக `no_root_squash` என்று போட்டுவைத்திருந்தால் நிலைமை மோசம். ரூட் உரிமையோடு ஓடும் ஒரு நிரலை அந்த ஷேரில் எழுதிவைக்கலாம். அதே ஷேரை `nosuid` இல்லாமல் மவுன்ட் செய்திருக்கும் வேறொரு மிஷினில், சாதாரணப் பயனர் ஒருவர் அந்த நிரலை ஓட்டி அங்கேயும் ரூட் ஆகிவிடலாம்.

இதற்கெல்லாம் மருந்து, சர்வர் கிளையன்ட்டின் வாய்ச்சொல்லை நம்பாமல் சான்று கேட்பது. கோயம்புத்தூரில் நாங்கள் செய்தது கெர்பெராஸ். எம்.ஐ.டி.யில் உருவாகி நெடுங்காலமாகப் புழங்கிவரும் முறை அது. பயனர் காலையில் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒரு சீட்டு வாங்குகிறார். கோப்புச் சர்வரை அணுகும்போது அவருடைய மிஷின் எண்ணைச் சொல்வதில்லை, அந்தச் சீட்டைக் காட்டுகிறது. சீட்டை வழங்கியது தனி சர்வர், அதைப் போலியாக எழுத கிளையன்ட்டால் முடியாது. வரி இப்படி மாறியது:

```
/srv/tender 192.168.10.21(rw,sync,root_squash,sec=krb5p)
```

கடைசியில் உள்ள `krb5p` ஆளை உறுதிசெய்வதோடு, போகும் தரவு முழுவதையும் மறையாக்கமும் செய்கிறது. வெறும் `krb5` ஆளை மட்டும் உறுதிசெய்யும். `krb5i` வழியில் தரவை யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்ளும், படிப்பதைத் தடுக்காது. விலைக் கணக்கு என்பதால் நான் `krb5p`யே வேண்டும் என்றேன். பெரிய வரைபடங்கள் இருந்த மற்ற அடைவுகளுக்கு வேகம் கருதி `krb5i` வைத்தோம்.

நிறுவுவது சுலபமாக இருக்கவில்லை. கெர்பெராஸுக்கு எல்லா மிஷின்களின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் சீட்டை ஏற்காது. பயாஸ் பேட்டரி தீர்ந்திருந்த ஒரு பழைய மிஷின் இதில் எங்களை வெகுநேரம் அலைக்கழித்தது. பெயர்ச் சர்வரில் சர்வரின் பெயரும் முகவரியும் இரண்டு திசையிலும் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு சாவிக் கோப்பு வைக்க வேண்டும். அதைவிட மனிதர்களோடு தொடர்புடைய சிக்கல் ஒன்று. இரவில் ஆளில்லாமல் ஓடும் கிரான் வேலைகளுக்குக் கடவுச்சொல் கொடுக்க ஆள் இல்லை. சீட்டுக்கு ஆயுள் உண்டு, பல இடங்களில் 10 மணி நேரம். அது முடிந்ததும் நள்ளிரவில் வேலை அனுமதி மறுப்போடு நின்றுபோகும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து பழைய `sec=sys`க்குத் திரும்புகிறார்கள். அப்படிச் செய்யாமல், அந்த வேலைக்கென்று தனிப் பயனரையும் தனிச் சாவிக் கோப்பையும் உருவாக்கி, அந்தப் பயனருக்குத் தேவையான ஒரு துணை அடைவில் மட்டும் உரிமை கொடுத்தோம்.

கெர்பெராஸுக்கும் எல்லை உண்டு, அதை அந்த நிர்வாகத்திடம் முதலிலேயே சொன்னேன். அம்மையாரின் மிஷினில் வேறொருவருக்கு ரூட் உரிமை இருந்தால், அம்மையார் உள்நுழைந்திருக்கும் நேரத்தில் அந்த ஆள் அவருடைய சீட்டை எடுத்துப் பயன்படுத்த முடியும். சீட்டு அந்த மிஷினிலேயே, வழக்கமாக `/tmp` அடைவில் ஒரு கோப்பாக இருக்கிறது. ஆகவே அந்த மிஷினின் ரூட் உரிமையை இரண்டு பேரிடம் மட்டும் வைக்கச் சொன்னேன்.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. என்.எஃப்.எஸ். பயன்படுத்தும் தொடர்பையே டி.எல்.எஸ். கொண்டு பாதுகாக்கும் முறை 2022இல் தரமாக வெளியானது, லினக்ஸிலும் சேர்ந்துவிட்டது. சர்வரின் `/etc/exports` வரியில் `xprtsec=mtls` என்று கொடுத்தால் கிளையன்ட் மிஷின் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். முகவரியைத் திருடிய லேப்டாப்பிடம் அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி இருக்காது. கெர்பெராஸ் அளவுக்கு ஏற்பாடுகள் தேவையில்லை என்பதால் சிறிய அலுவலகங்களுக்கு இது நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் இது மிஷின் எது என்பதை மட்டுமே நிரூபிக்கும். அந்த மிஷின் 1012 என்று சொன்னால் சர்வர் பழையபடி நம்பிவிடும். பலர் புழங்கும் பில்ட் சர்வருக்கு இதை மட்டும் போட்டுவிட்டுத் திருப்தியடைவது சரியல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் முகவரிப் பட்டியலை நான் எங்கேயும் எடுக்கச் சொன்னதில்லை. கோயம்புத்தூர் வரியிலும் 192.168.10.21 அப்படியே இருக்கிறது. பட்டியல் இருந்தால் தளத்தில் உள்ள மற்ற மிஷின்களால் தங்கள் சொந்த முகவரியிலிருந்து அந்த ஷேரை மவுன்ட் செய்ய முடியாது. தவறுதலாக மவுன்ட் செய்பவர், எல்லா ஷேர்களையும் தேடி மறையாக்கும் கெட்ட நிரல், முகவரியை மாற்ற முனையாத ஆர்வக்கோளாறு ஆகியோரை அது வாசலிலேயே நிறுத்துகிறது. அந்தப் பட்டியலைக் குறுகலாக வைப்பதும், `/24` என்று 254 மிஷின்களுக்கு மொத்தமாகத் திறந்துவிடாமல் இருப்பதும், விலகியவரின் மிஷினை அன்றே நீக்குவதும் செலவில்லாத வேலை. நீக்காமல் விட்ட முகவரியை டி.எச்.சி.பி. வேறொரு மிஷினுக்குக் கொடுத்துவிடக்கூடும், அதோடு பழைய அனுமதியும் போய்ச் சேரும்.

ஒரு கோப்புச் சர்வரை ஒப்படைக்குமுன் நான் மூன்று சோதனைகள் செய்துபார்த்து முடிவுகளைக் கையெழுத்தோடு கொடுப்பது வழக்கம். பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து மவுன்ட் செய்வது முதலாவது. அனுமதி பெற்ற மிஷினை அணைத்துவிட்டு அதன் முகவரியை வேறொரு லேப்டாப்புக்குக் கொடுத்து முயல்வது இரண்டாவது. அனுமதி பெற்ற மிஷினிலேயே ரூட்டாக இருந்து, அன்று உள்நுழையாத ஒருவரின் பயனர் எண்ணுக்கு மாறி அவருடைய கோப்பைத் திறக்கப் பார்ப்பது மூன்றாவது. முகவரிப் பட்டியல் முதல் சோதனையை மட்டும் தாங்கும். டி.எல்.எஸ். சான்றிதழ் சேர்ந்தால் முதல் இரண்டையும் தாங்கும். மூன்றாவதில் அனுமதி மறுப்பு வர வேண்டுமானால் கெர்பெராஸ் வேண்டும். எந்த அடைவுக்கு எந்தச் சோதனை வரை தேவை என்பதை நிர்வாகம் தீர்மானித்து அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.